ஆகஸ்ட் 31 வரை நான் இருக்கிறேன்

ஃப்ரீலான்சர் ஒருவர் "இனி என்னால் தொடர முடியாது" என்று மெயில் போட்டால், அதைப் படிக்கும் முதலாளிக்கு முதலில் வருவது கோபமில்லை, பயம். நாளைக்கு வெப்சைட்டில் விலையை யார் மாற்றுவது? இன்ஸ்டாகிராம் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கிறது? பாதியில் நிற்கிற வேலை வருமா, வராதா? விடைபெறும் மெயில்களில் பல இந்தக் கேள்விகள் பக்கமே போவதில்லை. உங்களோடு வேலை பார்த்தது பெரும் பாக்கியம், மிகுந்த மனவருத்தத்துடன் இந்த முடிவை எடுக்கிறேன் என்று மூன்று பத்தி ஓடும். கடைசி நாள் என்றைக்கு என்பது மட்டும் இருக்காது. எழுதியவர் அதைப் பணிவு என்று நினைத்திருப்பார். வாங்கியவருக்கு அது கையில் பிடிபடாத கடிதம்.

ஒரு உதாரணத்தை வைத்துப் பேசுவோம். கோவையில் வீட்டிலிருந்து வேலை செய்யும் டிசைனர் ஒருவர். ஈரோட்டில் பெட்ஷீட், துண்டு தயாரித்து ஆன்லைனிலும் விற்கும் ஒரு குடும்ப நிறுவனத்துக்கு மூன்று வருடமாக மாதம் 25,000 ரூபாய்க்கு வேலை பார்க்கிறார். தளத்தில் புதுப் பொருள்களை ஏற்றுவது, பண்டிகை பேனர்கள், இன்ஸ்டாகிராம் பதிவுகள் எல்லாம் அவர் பொறுப்பு. இப்போது அவருக்கு செப்டம்பரிலிருந்து முழுநேர வேலை கிடைத்துவிட்டது. ஈரோட்டுக்காரரோடு போட்ட இரண்டு பக்க ஒப்பந்தத்தில், இரு தரப்பில் யார் விலகினாலும் 30 நாள் முன்னதாக எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. ஜூலை 27-ஆம் தேதி அவர் அனுப்பக்கூடிய மெயில் இப்படி இருக்கலாம்:

சப்ஜெக்ட்: ஆகஸ்ட் 31-உடன் என் பணி நிறைவு – ஒப்படைப்பு விவரம்

வணக்கம் சார்,

காலையில் போனில் சொன்னதை எழுத்திலும் தருகிறேன். செப்டம்பரில் ஒரு நிறுவனத்தில் முழுநேர வேலைக்குச் சேர்கிறேன். அதனால் நம் ஒப்பந்தப்படி 30 நாள் நோட்டீஸ் கொடுத்து, ஆகஸ்ட் 31-ஆம் தேதியோடு இந்தப் பணியை முடித்துக்கொள்கிறேன். மாதக் கணக்கு சரியாக முடியட்டும் என்று சில நாள் கூடுதலாகவே வைத்திருக்கிறேன்.

அதுவரை வழக்கமான வேலைகள் எதுவும் நிற்காது. அது போக, தீபாவளிக்கு வரும் 40 புதுப் பொருள்களையும் ஆகஸ்ட் 14-க்குள் தளத்தில் ஏற்றிவிடுவேன். அதற்குப் படங்கள் ஆகஸ்ட் 5-க்குள் எனக்கு வந்துவிட வேண்டும். தீபாவளி பேனர்கள் ஆறையும் ஆகஸ்ட் 22-க்குள், பிறகு திருத்திக்கொள்ளக்கூடிய மூலக் கோப்புகளோடு தருவேன். ஒவ்வொன்றிலும் இரண்டு முறை திருத்தம் சொல்லலாம். போன மாதம் பேசிய கேட்லாக் புத்தகத்தை நான் தொடங்கவில்லை. இந்த அவகாசத்தில் கை வைத்தால் அரைகுறையாகிவிடும். அதைப் புதிதாக வருபவரிடம் கொடுப்பதே நல்லது.

டொமைன், வெப்சைட், கூகுள், இன்ஸ்டாகிராம் கணக்குகளை உங்கள் பெயருக்கு மாற்றும் வேலையை ஆகஸ்ட் முதல் வாரத்திலேயே தொடங்கலாம். அதற்கு அலுவலகத்தின் ஒரு மெயில் முகவரியும் ஒரு மொபைல் எண்ணும் வேண்டும். யாரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று சொன்னால் அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றித் தருகிறேன்.

ஜூலை, ஆகஸ்ட் இன்வாய்ஸ்களை வழக்கம்போல மாதக் கடைசியில் அக்கவுன்ட்ஸுக்கு அனுப்புகிறேன். செப்டம்பர் 15 வரை சின்னச் சின்னச் சந்தேகங்களுக்கு நீங்கள் போனில் கூப்பிடலாம், அதற்குக் கட்டணம் இல்லை.

ஆன்லைனில் பெட்ஷீட் யார் வாங்குவார்கள் என்று எல்லோரும் கேட்டபோது, தள்ளுபடியே இல்லாமல் விற்றுப் பார்ப்போம் என்று நீங்கள் துணிந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதல் மாத ஆர்டர்களை உங்களோடு சேர்ந்து எண்ணியதும்தான். நன்றி சார்.

கடிதம் அவ்வளவுதான். இதில் மன்னிப்பு ஓரிடத்திலும் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். ஒப்பந்தத்தில் உள்ள வழியில் விலகுவது குற்றமில்லை. நன்றியும் கடைசிப் பத்தியில் ஒருமுறைதான் வருகிறது. ஆனால் அது இந்த முதலாளிக்கு மட்டுமே பொருந்தும் நன்றி. "உங்களிடம் நிறையக் கற்றுக்கொண்டேன்" என்பதை யாருக்கும் எழுதலாம், அதனாலேயே யாரும் அதை நம்புவதில்லை.

முதல் வரியில் வரும் போன் விஷயத்தைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். நம் ஊர்த் தொழில் உறவுகளில், குறிப்பாகக் குடும்ப நிறுவனங்களில், விலகும் செய்தி மெயிலில்தான் முதன்முதலில் தெரிகிறது என்றால் அது ஒரு மனத்தாங்கலாகவே தங்கிவிடும். "ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா" என்பார்கள். ஆகவே காலையில் ஐந்து நிமிடம் போனில் பேசிவிட்டு, அன்றைக்கே மெயிலை அனுப்பிவிட வேண்டும். பேசியதோடு நிறுத்திக்கொண்டால், 30 நாள் எந்தத் தேதியில் தொடங்கியது என்பதற்குப் பின்னால் சாட்சி இருக்காது. இரண்டு நாள் கழித்து அனுப்பினால் நோட்டீஸும் இரண்டு நாள் தள்ளிப்போகும்.

ஒப்பந்தத்தில் "எழுத்தில்" என்று இருந்தால் மெயில் போதுமா என்று பலர் கேட்பதுண்டு. பொதுவாகப் போதும். 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் மின்னணு ஆவணத்தை எழுத்தாகவே ஏற்கிறது. அதன் 13-ஆவது பிரிவு, அப்படி ஒரு ஆவணம் எப்போது போய்ச் சேர்ந்ததாகக் கொள்வது என்றும் சொல்கிறது: பெறுபவர் இந்த முகவரிக்கு அனுப்புங்கள் என்று குறித்துக் கொடுத்திருந்தால், அந்த முகவரிக்குள் நுழைந்த நேரமே பெற்ற நேரம். அதனால்தான் ஒப்பந்தத்தில் எழுதியுள்ள முகவரிக்கே அனுப்ப வேண்டும் என்கிறேன். அக்கவுன்ட்ஸ் பார்ப்பவருக்கும் ஒரு பிரதி போகட்டும். பழைய பேனர் திருத்தம் பற்றி ஓடிக்கொண்டிருக்கும் மெயில் சரத்தின் வாலில் இதை ஒட்டாமல், புதிய சப்ஜெக்டோடு தனி மெயிலாக அனுப்புங்கள். ஆறு மாதம் கழித்து யாராவது தேடினால் அதுதான் கையில் அகப்படும். ஒப்பந்தத்தில் பதிவுத் தபால் என்று குறிப்பாக இருந்தால் அதையும் செய்துவிடுங்கள், பெரிய செலவில்லை.

காரணம் ஒரு வரி போதும், அது உண்மையாகவும் இருக்க வேண்டும். "உடம்பு சரியில்லை, கொஞ்ச நாள் பிரேக்" என்று எழுதிவிட்டு, அடுத்த மாதமே வேறு நிறுவனத்தின் வேலையை இன்ஸ்டாகிராமில் போடுபவர்கள் இருக்கிறார்கள். ஈரோட்டுக்காரரும் இன்ஸ்டாகிராம் பார்ப்பார். அதோடு, "கொஞ்ச நாள்" என்றால் திரும்பி வருவார் என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார். மாற்று ஆளைத் தேட மாட்டார். உண்மைக் காரணம் கசப்பானதாக இருந்தால், பணம் எப்போதும் தாமதம், ராத்திரி பதினொரு மணிக்கு வாய்ஸ் மெசேஜ் என்றிருந்தால், காரணமே எழுதாமல் "ஒப்பந்தப்படி நோட்டீஸ் தருகிறேன்" என்று நிறுத்திக்கொள்ளலாம். குறையைச் சொல்லியே ஆக வேண்டுமென்றால் போனில் சொல்லுங்கள். இந்த மெயில் அக்கவுன்ட்ஸ் மேசைக்கும், முதலாளியின் மகனுக்கும், சில சமயம் ஆடிட்டருக்கும் போகும் ஆவணம்.

கடைசியாகத் தரும் வேலைகளைப் பற்றிய பத்தியில் மூன்று வகை விஷயம் இருக்கிறது. எதைத் தருவேன், அதற்கு உங்களிடமிருந்து எனக்கு எப்போது என்ன வேண்டும், எதைத் தர மாட்டேன். முதலாவதை எல்லோரும் எழுதிவிடுகிறார்கள். சண்டை மற்ற இரண்டில்தான் வரும். படங்கள் ஆகஸ்ட் 5-க்குள் வர வேண்டும் என்று எழுதாவிட்டால், படம் 25-ஆம் தேதி வரும், 31-ஆம் தேதிக்குள் நாற்பதையும் ஏற்ற வேண்டியிருக்கும். கேட்லாக் புத்தகத்தைப் பற்றி வாய் திறக்காமல் விட்டால், விலகிப் பத்து நாள் கழித்து "அந்த புக் என்னாச்சும்மா?" என்று போன் வரும். முன்னால் ஒருமுறை பேச்சில் தலையாட்டியதையெல்லாம் நினைவுபடுத்தி, செய்யாததைச் செய்யவில்லை என்று எழுதிவிடுவது எழுதும்போது சங்கடமாக இருக்கும். வாங்குபவருக்கு அதுதான் பெரிய உபகாரம்.

இனி ஒப்படைப்பு. மெயில் எவ்வளவு இதமாக இருந்தாலும் காரியம் கெடுவது இங்கேதான். 30 நாள் நோட்டீஸ் எதற்கு என்பதும் இங்கேதான் புரியும்.

சிறு நிறுவனங்களின் இணையக் கணக்குகளில் பல ஃப்ரீலான்சர் பெயரில் கிடக்கின்றன. ஆரம்பத்தில் முதலாளி "நீயே பார்த்துப் பண்ணிடும்மா" என்றிருப்பார். இவரும் தன் கார்டில் டொமைனை வாங்கி, தன் ஜிமெயிலைக் கொடுத்து, தன் மொபைல் எண்ணுக்கே ஓடிபி வரும்படி வைத்திருப்பார். பாஸ்வேர்டை எழுதிக் கொடுத்தால் ஒப்படைத்தாயிற்று என்று நினைப்பது தவறு. ஈரோட்டில் யாராவது புதுக் கணினியில் அந்தப் பாஸ்வேர்டைப் போட்டதும் ஓடிபி கோவைக்குத்தான் வரும். புது வேலையில் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கும்போது ஆறு எண்களைப் படித்துச் சொல்ல வேண்டியிருக்கும். ஆகவே ஒவ்வொரு கணக்கிலும் மீட்பு மெயில், மீட்பு எண், இரண்டடுக்குச் சரிபார்ப்பு ஆகிய மூன்றையும் நிறுவனத்தின் பெயருக்கு மாற்ற வேண்டும். கடிதத்தில் மெயில் முகவரியும் மொபைல் எண்ணும் கேட்டது அதற்காகத்தான். முதலாளியின் சொந்த எண்ணாக இல்லாமல் அலுவலக எண்ணாக இருந்தால் நல்லது.

இவற்றில் சில உடனே மாறாது. கூகுள் மேப்ஸில் தெரியும் கடைப் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் புதிதாக ஒருவரை உரிமையாளராகச் சேர்த்தால், ஏழு நாள் கழிந்த பிறகுதான் அவருக்கு முழு அதிகாரம் கிடைக்கும். முதன்மை உரிமையை அவருக்கு மாற்றுவதும் அதற்குப் பிறகுதான். ஆகஸ்ட் 30-ஆம் தேதி சேர்த்தால் வேலை செப்டம்பருக்குள் போய்விடும். டொமைனுக்கு இரண்டு வழி உண்டு. நிறுவனமும் அதே பதிவாளரிடம் ஒரு கணக்குத் திறந்துகொண்டால், கணக்கிலிருந்து கணக்குக்கு மாற்றுவது பெரும்பாலும் சுலபம். வேறு பதிவாளரிடம் கொண்டுபோக வேண்டுமானால் பூட்டைத் திறந்து, மாற்றுக் குறியீட்டை வாங்கி, புதிய இடத்தில் கொடுக்க வேண்டும். சில நாள் பிடிக்கும். அண்மையில் பதிவு செய்த அல்லது இடம் மாற்றிய பெயராக இருந்தால் 60 நாள் வரை அசைக்க முடியாமலும் போகலாம். அப்படியானால் முதல் வழிதான் கதி. எதைச் செய்தாலும் முதலில் டொமைன் காலாவதியாகும் தேதியைப் பாருங்கள். அது செப்டம்பரிலேயே இருந்து, புதுப்பிக்கச் சொல்லும் மெயில் உங்கள் ஜிமெயிலுக்கே வந்துகொண்டிருந்தால், ஒரு நாள் காலையில் கடையின் வெப்சைட் திறக்காது. நீங்கள் எழுதிய நல்ல கடிதம் அப்போது யாருக்கும் நினைவிருக்காது.

பாஸ்வேர்டுகளை இந்த மெயிலிலோ அதன் பதிலிலோ எழுத வேண்டாம். அந்த மெயில் எத்தனை பேருக்கு ஃபார்வர்ட் ஆகும் என்று யாருக்குத் தெரியும்? புதியவரோடு வீடியோ அழைப்பில் உட்கார்ந்து, அவரையே புதுப் பாஸ்வேர்டு போட வைத்து, கடைசியில் உங்கள் கணக்கை அட்மின் பட்டியலிலிருந்து அவரே நீக்கச் சொல்லுங்கள். பிறகு "இந்தக் கணக்குகள் இன்று முதல் உங்களிடம்" என்று பெயர்களை மட்டும் எழுதி ஒரு சின்ன மெயில். அதன் பிறகு ஏதாவது தகராறு நடந்தால் உங்களிடம் சாவி இல்லை என்பதற்கு அதுவே சான்று.

வேலையின் உரிமை யாருக்கு என்பதையும் இந்தச் சமயத்தில் தீர்த்துக்கொள்வது நல்லது. மாதச் சம்பள ஊழியர் வேலையின் பகுதியாகச் செய்ததற்குப் பொதுவாக முதலாளியே உரிமையாளர். வெளியிலிருந்து செய்து கொடுக்கும் ஃப்ரீலான்சருக்கு அப்படியில்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதிக் கொடுக்காதவரை டிசைனும் வாசகமும் அவருடையவையாகவே இருக்கலாம். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு விதி வேறு: மாற்று ஒப்பந்தம் இல்லையென்றால் எடுக்கச் சொன்னவரே உரிமையாளர். ஈரோட்டு முதலாளிக்கு இந்த நுணுக்கம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, பேனர் தன்னுடையது என்றுதான் நினைத்துக்கொண்டிருப்பார். ஒப்பந்தத்தில் இது பற்றி எதுவும் இல்லையென்றால், கடைசித் தொகை வந்ததும் உரிமையை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்துவிடலாம். எந்தெந்த வேலைகள், எவ்வளவு காலத்துக்கு, எந்த நாடுகளில் என்பது அதில் இருக்க வேண்டும். காலத்தைக் குறிக்காவிட்டால் சட்டம் ஐந்து வருடம் என்றும், இடத்தைக் குறிக்காவிட்டால் இந்தியாவுக்குள் என்றும்தான் எடுத்துக்கொள்ளும். நீங்கள் காசு கொடுத்து வாங்கிய எழுத்துருக்களின் உரிமம் மூலக் கோப்போடு தானாகச் சேர்ந்து போகாது. அவற்றின் பெயரைக் குறித்துக் கொடுத்தால் அவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

மெயில் போனபின் என்ன பதில் வரும்? சிலர் "சரிம்மா, நல்லா இரு" என்று முடித்துவிடுவார்கள். சிலர் பதிலே போட மாட்டார்கள். நான்கு நாள் பொறுத்து, முதல் மெயிலின் கீழேயே "யாரிடம் ஒப்படைப்பது என்று மட்டும் சொல்லுங்கள் சார்" என்று கேளுங்கள். அதிகம் வரும் பதில் மூன்றாவது வகை: "தீபாவளி வரைக்கும் மட்டும் இருந்துட்டுப் போம்மா." மறுக்கக் கஷ்டமாக இருக்கும். முடியாது என்றால், "ஆகஸ்ட் 31-க்கு மேல் என்னால் நேரம் ஒதுக்க முடியாது சார். அதனால்தான் தீபாவளி வேலையை முன்கூட்டியே முடித்துத் தருகிறேன்" என்று அதே தேதியைத் திரும்பச் சொல்லுங்கள். "பார்க்கலாம் சார்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நம் ஊரில் அதற்குச் சம்மதம் என்றே அர்த்தம். முடியும் என்றால், புது வேலை கொடுப்பவர் வெளிவேலையை அனுமதிக்கிறாரா என்று பார்த்துவிட்டு, இன்ன வேலை, இன்ன தொகை, இன்ன தேதிவரை என்று தனி மெயிலாகப் போடுங்கள். பழைய மாதக் கணக்கை நீட்டினால் நீங்கள் கொடுத்த நோட்டீஸ் கரைந்துபோகும்.

பணம் நின்றுபோனால் ஒரு சபலம் வரும்: டொமைன் என் பெயரில்தானே இருக்கிறது, காசு வரும்வரை மாற்றித் தரமாட்டேன். அதைச் செய்யாதீர்கள். வெப்சைட் முடங்கினால் நஷ்டக் கணக்கு உங்கள் பக்கம் திரும்பும், 25,000 ரூபாய்க்கான வழக்கில் நீங்கள் எதிராளியாகிவிடுவீர்கள். உத்யம் பதிவு செய்த குறு, சிறு தொழில்முனைவோருக்கு 2006-ஆம் ஆண்டின் எம்எஸ்எம்இ சட்டம் கைகொடுக்கிறது. வாங்கியவர் ஒப்புக்கொண்ட நாளுக்குள் பணம் தர வேண்டும், அந்த நாளும் 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. மாநில அளவில் புகார் கொடுக்க மன்றமும் உண்டு. ஆனால் வேலை செய்யும்போதே பதிவு இருந்திருப்பதே பாதுகாப்பு. விலகிய பிறகு ஓடிப்போய்ப் பதிவு செய்தால் பழைய பாக்கிக்கு அது உதவுமா என்பது சிக்கல்தான். இந்தச் சட்டத்தின் பெயரை விடைபெறும் மெயிலில் போட வேண்டாம். முதல் நினைவூட்டலிலும் வேண்டாம்.

ஒழுங்காகப் பணம் வந்தாலும் கணக்கு ஆகஸ்டில் முடிவதில்லை. தொழில்முறைக் கட்டணம் என்பதால் 25,000 ரூபாயில் 10 சதவீதம், அதாவது 2,500 ரூபாயை டிடிஎஸ்ஸாகப் பிடித்துக்கொண்டு 22,500 ரூபாய்தான் வங்கியில் போடுவார்கள். பிடித்ததை அவர்கள் உங்கள் பான் எண்ணில் அரசுக்குக் கட்டிவிட்டார்களா என்பது, ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான காலாண்டுக் கணக்கை அவர்கள் அக்டோபர் கடைசிக்குள் தாக்கல் செய்த பிறகுதான் தெரியும். சான்றிதழ் நவம்பர் நடுவில் வரும். அதனால் ஆகஸ்ட் 31-ஆம் தேதி ராத்திரியே நிறுவனத்தின் வாட்ஸ்அப் குழுவிலிருந்து சத்தமில்லாமல் வெளியேறிவிட வேண்டாம். ஒரு வரி நன்றி சொல்லி, அக்கவுன்ட்ஸ் பார்ப்பவரின் நேரடி மெயில் முகவரியை வாங்கிக்கொண்டு வெளியேறுங்கள். நவம்பரில் அவரிடம்தான் சான்றிதழ் கேட்க வேண்டியிருக்கும்.